எந்த மேற்கோள் மாறியது? நெறியாளருக்குக் காட்டும் வழி

ஆய்வேட்டின் ஓர் இயலில் 42 மேற்கோள்கள் எண் முறையில் தரப்பட்டுள்ளன என்று கொள்வோம். நெறியாளர் மூன்று திருத்தங்களைச் சொல்கிறார்: ஐந்தாவது இடத்தில் ஒரு புதிய கட்டுரையைச் சேர்க்க வேண்டும், 30ஆவதாக உள்ள, இதழ் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரையை நீக்க வேண்டும், 2019இல் இணையத்தில் வெளியான ஒரு முன்வரைவுக்குப் பதிலாக, அது 2021இல் இதழில் அச்சான வடிவத்தைக் குறிப்பிட வேண்டும். மாணவர் வேர்டில் Track Changes வசதியை இயக்கி, மேற்கோள்களை நிர்வகிக்கும் ஸோட்டீரோ மென்பொருளின் துணையுடன் மூன்றையும் செய்து முடித்துக் கோப்பை அனுப்புகிறார். நெறியாளர் திறந்து பார்த்தால், துணைநூற்பட்டியல் முழுவதும் அடித்து எழுதப்பட்டதுபோல் சிவந்து கிடக்கிறது.

Track Changes என்பது செயல்களைப் பதிவுசெய்யும் கருவி. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் நீக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும், செய்தவர் பெயர், நேரம் ஆகியவற்றோடு அது கோப்புக்குள் குறித்துவைக்கிறது. ஆனால் துணைநூற்பட்டியல் நாம் தட்டச்சு செய்த உரை அன்று. ஸோட்டீரோ தானாக நிரப்பும், புலம் எனப்படும் ஒரே பகுதி. அதில் ஒரு பதிவு மாறினாலும் மென்பொருள் பழைய பட்டியலை முழுதாக அகற்றிவிட்டுப் புதியதை இடுவதால், வேர்டு தான் கண்டதை உள்ளபடியே பதிவுசெய்கிறது. இதில் பிழை என்று சொல்ல எதுவுமில்லை, நெறியாளருக்குத்தான் பயனில்லை.

வேர்டிலேயே உள்ள Compare வசதி செயல்களைக் கவனிப்பதில்லை. பழையது, புதியது என்னும் இரு கோப்புகளின் இறுதி உரைகளை அருகருகே வைத்து வேறுபாட்டைக் கணக்கிடுகிறது. இவ்வகை ஒப்பீட்டுக்கு அடிப்படையான முறைகளுள் ஒன்றை ஹன்ட், மெக்கில்ராய் இருவரும் 1976இல் பெல் ஆய்வகத்தின் அறிக்கை ஒன்றில் விளக்கினர்: இரண்டிலும் ஒரே வரிசையில் பொதுவாக வரும் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்துவிட்டால், மிஞ்சி நிற்பவையே மாற்றங்கள்.

எண் முறையில் இந்த ஒப்பீடும் தடுமாறும். ஐந்தாவது இடத்தில் ஒன்று சேர்ந்ததால் பழைய 5 முதல் 29 வரையிலான 25 மேற்கோள்களுக்கும் எண் ஒன்று கூடுகிறது. 30ஆவது நீங்கியதால் 31 முதல் எண்கள் பழையபடியே நிற்கின்றன. மொத்தம் அதே 42 என்பதால் எண்ணிக்கையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த 25 எண்களும் உரையில் வரும் இடங்களிலெல்லாம் மாற்றமாகக் காட்டப்படும்போது, உண்மையான மூன்று திருத்தங்கள் அவற்றுக்குள் மறைந்துபோகும்.

ஆகவே ஒப்பிடுவதற்கென்றே பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் தனித்தனி நகல் எடுத்து, இரு நகல்களிலும் ஸோட்டீரோவின் Document Preferences வழியாக மேற்கோள் பாணியை ஏபிஏ போன்ற ஆசிரியர்–ஆண்டு முறைக்கு மாற்றிவிட வேண்டும். எண்கள் ஒழிந்து, பட்டியல் அகரவரிசைக்கு வந்துவிடும். இந்த வேலையின்போது Track Changes அணைந்திருக்க வேண்டும். முன்பே குறிக்கப்பட்ட மாற்றங்கள் இருந்தால் நகலில் அவற்றை ஏற்றுவிட வேண்டும். பிறகு Unlink Citations கொடுத்தால் புலங்கள் வெறும் உரையாகிவிடும். இனி Review தாவலில் Compare கொடுத்து இரு நகல்களையும் தேர்ந்து, More பொத்தானின்கீழ் Formatting குறியை எடுத்துவிட்டு, முடிவைப் புதிய ஆவணமாகப் பெறலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு; நானும் அதில் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். பாணியை மாற்றும்போது ஸோட்டீரோ பழைய நகலையும் இன்றைய நூலகத் தரவைக் கொண்டே புதுப்பிக்கும். முன்வரைவின் பதிவையே திறந்து 2019ஐ 2021 என்று திருத்தியிருந்தால், பழைய நகலிலும் 2021 என்றே வந்துவிடும். ஒப்பீட்டில் மூன்றாவது திருத்தம் தடயமின்றி மறைந்துவிடும். மூன்று திருத்தம் செய்தவருக்கு இரண்டே தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். திருத்தத்தைத் தொடங்குவதற்கு முன்பே பழைய நகலின் பாணியை மாற்றி, இணைப்பை அறுத்துச் சேமித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. அச்சான வடிவத்துக்கு நூலகத்தில் தனிப் பதிவு உருவாக்குவதும் அதே பயனைத் தரும்.

முறையாகச் செய்தால் பட்டியலில் ஒரு பதிவு முழுதாகச் சேர்ந்தும், ஒன்று முழுதாக நீங்கியும், ஒன்றில் ஆண்டும் இதழ் விவரமும் மட்டும் மாறியும் தெரியும். உரையில் இம்மூன்றும் சுட்டப்பட்ட இடங்கள் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே ஆசிரியரின் அதே ஆண்டுக் கட்டுரை இன்னொன்று சேர்ந்திருந்தால், பழைய 2018 என்பது 2018a என்று மாறுவது போன்ற பக்கவிளைவுகளும் தோன்றும். அவற்றை மாற்றமென்று எண்ணிவிடாதபடி, ஒவ்வொரு உண்மைத் திருத்தத்தின் அருகிலும் New Comment கொடுத்துக் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. காரணத்தை எந்த ஒப்பீட்டுக் கருவியும் காட்டுவதில்லை.

நெறியாளருக்கு இந்த ஒப்பீட்டு ஆவணத்தோடு எண் முறையிலேயே உள்ள தூய பிரதியும் போக வேண்டும். இணைப்பு அறுத்த நகலில் அடுத்த திருத்தத்தைத் தொடங்கினால் ஸோட்டீரோ அதிலுள்ள மேற்கோள்களை அடையாளம் காணாது. 42ஐயும் கையால் மீண்டும் இட வேண்டியிருக்கும்.