புறச்செருகல்: முளையில் தெரியாத விளைச்சல்

'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற சொல்லுக்கு ஓர் அக்கா உண்டு: 'இன்டர்பொலேஷன்'. அதன் வேர் 'இன்டர்போலாரே' என்ற லத்தீன் வினை. பழைய பொருளைத் துடைத்து மெருகேற்றிப் புதிதுபோல ஆக்குவது என்பது அதன் பொருள். அதிலிருந்துதான், இன்னொருவர் எழுதியதற்குள் தன் சரக்கை நுழைப்பது என்ற பொருளும் கிளைத்தது. 1655இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் இச்சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். தெரிந்த இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள தெரியாத அளவைக் கணித்து நிரப்புவது என்று அங்கே பொருள்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் 'இடையே' என்னும் முன்னொட்டைக் கழற்றிவிட்டு 'வெளியே' என்பதை மாட்டினார்கள். தெரிந்த அளவுகளுக்கு அப்பால் உள்ளதைக் கணிக்கும் தங்கை பிறந்தாள். வெளியே மெருகேற்றுவது என்றால் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழில் அக்காவுக்கு வாய்த்த பெயர் அற்புதமானது: இடைச்செருகல். பிற்காலத்தவர் ஏட்டில் நுழைத்த பாடலையும் அப்படித்தான் சொல்கிறோம், கணிதப் பாடநூலிலும் அதே சொல்தான். லத்தீன் சொல் சுமந்த இரண்டு பொருளும் இங்கே ஒரே சொல்லில் அமர்ந்துவிட்டன. தங்கைக்குப் 'புறச்செருகல்' என்று வைத்தார்கள். இதில்தான் எனக்குச் சிறு மனத்தாங்கல். செருக வேண்டுமென்றால் இருபுறமும் ஏதாவது இருக்க வேண்டும். பூவைக் கொண்டையில் செருகலாம், வெட்டவெளியில் எப்படிச் செருகுவது? 'புறக்கணிப்பு' என்றால் பொருள் கச்சிதமாக வரும், ஆனால் அந்த இருக்கையை வேறொரு பொருள் எப்போதோ பிடித்துவிட்டது. ஆகவே கலைச்சொல்லாகப் புறச்செருகலை வைத்துக்கொண்டு, பேசும்போது 'நீட்டிக் கணிப்பது' என்று சொல்வது என் வழக்கம். எதை நீட்டுகிறோம் என்ற கேள்வியை அந்தச் சொல் தானாகவே எழுப்பிவிடும்.

எதை நீட்டுகிறோம் என்பதற்கு ஒரு பழைய சோதனையை எடுத்துக்கொள்வோம். 1913இல் டோர் கார்ல்சன் வளர்ப்புக் கரைசலில் ஈஸ்டை வளர்த்து மணிக்கொருமுறை அளந்தார். பின்னாளில் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் பேர்ல் எடுத்தாண்டதால் அந்த எண்கள் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. தொடக்கத்தில் 9.6 அலகு. அடுத்தடுத்த மணிகளில் 18.3, 29.0, 47.2, 71.1. ஐந்தாம் மணியில் 119.1.

இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்தில் ஏறக்குறைய 12.4 மடங்கு, அதாவது சராசரியாக மணிக்கு 65 சதவீத வளர்ச்சி. இதே வீதத்தைப் பதினெட்டாம் மணி வரை நீட்டினால் 83,000 அலகு வரும். கார்ல்சன் அந்த மணியில் அளந்தது 661.8. நம் கணிப்பு 125 மடங்கு அதிகம். கணக்கில் பிழை இல்லை, நீட்டிய வடிவத்தில்தான் பிழை.

ஈஸ்ட் வளர்ந்தது எஸ் வடிவ வளைவில். முதலில் மெல்ல, பிறகு விறுவிறுவென, கடைசியில் ஓர் உச்சவரம்பை ஒட்டித் தளர்ந்து படுத்துவிடும். பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் இதற்குச் சமன்பாடு எழுதினார், 1845இல் 'லாஜிஸ்டிக்' என்று பெயரும் வைத்தார்:

```
dN/dt = r N (1 − N/K)
```

N இப்போதைய அளவு, dN/dt அது கூடும் வேகம். K என்பது தாங்குதிறன், அந்த இடம் தாங்கக்கூடிய உச்ச அளவு. r தடையில்லாதபோது இருக்கும் வளர்ச்சி வீதம். அடைப்புக்குள் இருப்பதுதான் கடிவாளம். ஈஸ்டின் கதையில் அந்தக் கடிவாளத்தை இறுக்குவது பெரும்பாலும் ஈஸ்ட் தானே உண்டாக்கும் ஆல்கஹால்.

K ஏறத்தாழ 665 என்று கொண்டால், தொடக்கத்தில் N/K வெறும் ஒன்றரை சதவீதம். கடிவாளம் இருப்பதே தெரியாது. ஐந்தாம் மணியில்கூட அது 18 சதவீதம்தான், அதாவது வளர்ச்சி வீதம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. தடையே இல்லாத அடுக்குப் பெருக்கமும் எஸ் வளைவும் இந்தப் பகுதியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளையில் தெரிவது r மட்டும்தான். K அங்கே இல்லை.

கூர்ந்து பார்த்தால் அந்தச் சிறு குறைவைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முதல் ஐந்து மணிகளின் வளர்ச்சியைத் தனித்தனியே பாருங்கள்: 91, 58, 63, 51, 68 சதவீதம். அளவீட்டின் ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கிறது. முதல் எண்ணை விட்டுவிட்டால் வீதம் லேசாகக் கூடுவதுபோலவே தோன்றும், உச்சவரம்பே இல்லை என்று அர்த்தமாகும். ஆகவே 'எஸ் வளைவு என்று எனக்குத் தெரியும், அதையே பொருத்திவிடுகிறேன்' என்று சொன்னாலும் தப்ப முடியாது. வளைவின் பெயர் தெரிந்தாலும் உயரம் தெரியாது.

எப்போது தெரியத் தொடங்கும்? ஐந்தாம் மணிக்குப் பிறகு வளர்ச்சி 47, 47, 36, 26 சதவீதம் என்று இறங்குகிறது. கவனியுங்கள், ஏழிலிருந்து எட்டாம் மணிக்குள் ஈஸ்ட் 93.4 அலகு கூடியது. அதுதான் ஒரு மணி நேரத்தில் கூடிய மிக அதிக அளவு. கூடிய அளவை மட்டும் பார்க்கிறவர் அந்த நேரத்தில் கைதட்டிக்கொண்டிருப்பார். சதவீதத்தைப் பார்க்கிறவருக்கு வீதம் விழத் தொடங்கியது முன்பே தெரிந்திருக்கும். ஒன்பதாம் மணிவரையான அளவுகளை வைத்து, ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்க அளவுக்கும் முடிவளவுக்கும் சராசரியைக் கிடைக்கோட்டிலும் அந்த நேரத்தில் ஈஸ்ட் எத்தனை மடங்காயிற்று என்பதன் மடக்கையைச் செங்குத்திலும் குறித்தால், கடைசிப் புள்ளிகள் ஒரு சரிவுக்கோட்டில் அமரும். அந்தக் கோடு சுழியைத் தொடும் இடம் ஏறக்குறைய 655. கார்ல்சன் கடைசியாக அளந்த அளவுக்கு இது வெகு பக்கம். ஆனால் அதற்குள் பாதி உயரத்தைத் தாண்டியாகிவிட்டது.

சதவீதத்தை நீட்டாமல் நேர்கோட்டை நீட்டினால் என்ன ஆகும்? அது எங்கிருந்து நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் ஐந்து மணிக்கான நேர்கோடு பதினெட்டாம் மணியில் 400 அலகைச் சொல்லும், உண்மையைவிடக் குறைவு. ஆறிலிருந்து ஒன்பதாம் மணி வரையான செங்குத்துப் பகுதியை நீட்டினால் 1,240, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படுமோசமாக மிகையாவது வட்டிமேல் வட்டிபோல வீதத்தையே நீட்டுகிறபோதுதான்.

எஸ் வளைவு தெரிந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள், எதிர்ப்பக்கமாக. 1920இல் அதே பேர்ல், லோவெல் ரீடுடன் சேர்ந்து, 1790 முதல் 1910 வரையான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினார். அந்த ஆண்டுகளுக்குள் வளைவு அழகாகப் பொருந்தியது. ஆண்டுகளுக்கு நடுவே கேட்டால் நல்ல இடைச்செருகல். வெளியே நீட்டியபோது உச்சவரம்பு சுமார் 19 கோடியே 70 லட்சம் என்று வந்தது. ஈஸ்டின் குடுவை மாறாமல் இருந்தது. அமெரிக்காவின் குடுவை வளர்ந்துகொண்டே போனது. 1967இல் அந்த நாட்டின் மக்கள்தொகை 20 கோடியை எட்டியது, 2020இன் கணக்கெடுப்பில் 33 கோடியைத் தாண்டியது.