தைத்த விரலைக் கட்டவும் வேண்டும், அசைக்கவும் வேண்டும்

"தகரம் வெட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிக்கு மோதிர விரல் அறுபட்டு, தசைநாணைத் தைத்திருக்கிறார்கள். ஸ்பிளின்ட்டைக் கழற்றவே கூடாதாம். ஆனால் மணிக்கொரு தரம் விரலை மடக்க வேண்டுமாம். எதைக் கேட்பது?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

இரண்டையும்தான். விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதன் இழுப்பை விரலுக்குக் கொண்டுவரும் நாண், பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகிறது. சிக்கலே அந்த உறைதான். தையல் போட்ட இடத்தில் வளரும் தழும்புத் திசு, நாணின் இரு முனைகளை ஒட்டுவதோடு நிற்காது. நாணை உறைச்சுவரோடும் சேர்த்து ஒட்டிவிடும். அசைக்காமல் வைத்தால் நாண் ஆறிவிடும், விரல் மடங்காது. பலமாக மடக்கினால் தையல் அறுந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. நாண் உறைக்குள் 3 முதல் 5 மில்லிமீட்டர் வழுக்கினாலே ஒட்டுதலைத் தடுக்கப் போதும் என்று 1975இல் டூரன், ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். எவ்வளவு சின்ன தூரம் பாருங்கள்! தினமும் திரும்பத் திரும்ப அந்த அளவு நகர்ந்தால், தழும்பு இறுகாமல் மெல்லிசாக, நீளமாக, இழுத்தால் கூடவே வருவதாக வளர்கிறது.

அதனால்தான் ஸ்பிளின்ட் புறங்கைப் பக்கம் போடப்படுகிறது. மணிக்கட்டும் விரலடி மூட்டுகளும் சற்று மடங்கியிருப்பதால் நாண் தளர்வாக இருக்கும். விரல் முழுதாக நிமிராமல், கூரைபோல மேலிருக்கும் ஸ்பிளின்ட் தடுக்கும். தம்பி விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விரல்பட்டையை மட்டும் அவிழ்த்து, மறுகையால் விரலை மெதுவாக உள்ளங்கை வரை மடக்கி, பிறகு தானாகவே கூரையைத் தொடும்வரை நிமிர்த்த வேண்டும். பத்து முறை போதும். தூங்கும்போதும் ஸ்பிளின்ட் இருக்கட்டும். கனவில் இறுகும் முஷ்டியும் தையலை அறுக்கும். எண்ணெய் போட்டு நீவிவிட யாரிடமும் கொடுக்காதீர்கள். பரம்பரைக் கைராசி அறுந்த தையலைச் சேர்க்காது.

பொதுவாக 6 வாரம் வாக்கில் பகலில் ஸ்பிளின்ட் கழன்று, தானே மடக்கும் பயிற்சி தொடங்கும். தெரபிஸ்ட் மடக்கினால் மடங்கி, தானாக முயன்றால் பாதியில் நின்றால், பெரும்பாலும் ஒட்டுதல். நேற்றுவரை மடங்கிய நுனி திடீரென்று அசையாமல் போனால் அறுந்திருக்கலாம். வலி இல்லையே என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பிளின்ட் கழன்றதும் பட்டறைக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. முதலில் துணி மடிப்பது, டம்ளர் பிடிப்பது. 8 வாரத்துக்குப் பின் மெதுவான பிடிப்புப் பயிற்சி. சுத்தியல், வெட்டுக் கத்தரி எல்லாம் 12 வாரத்துக்கு அப்புறம், தெரபிஸ்ட் சொன்னால்தான். தம்பிக்கு ஈஎஸ்ஐ இருந்தால், வேலையில் நேர்ந்த காயத்துக்கு மருத்துவச் சான்றோடு சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.