செயலூக்கல்: ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

உளவியல் சிகிச்சையில் ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்று ஒரு முறை உண்டு. மனச்சோர்விலோ பதற்றத்திலோ ஒடுங்கிப்போனவர், மனம் மாறட்டும் என்று காத்திராமல் சிறு செயல்களிலிருந்து தொடங்குவதே அது. தமிழில் அதை ‘நடத்தைச் செயல்படுத்தல்’ என்றும் ‘நடத்தைச் செயலூக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சொல்லுக்குச் சொல் சரியாகவே இருக்கின்றன. ஆனால் சிகிச்சை சொல்லவரும் செய்தியை இரண்டுமே தலைகீழாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. அது எப்படி என்று காட்டுவதும், பொருத்தமான சொல் எதுவாக இருக்கலாம் என்று பார்ப்பதும் இக்குறிப்பின் வேலை.

முதலில் ‘நடத்தை’. உளவியலில் இச்சொல் ஒருவர் செய்யும் எதையும் குறிக்கும்: எழுந்து நடப்பது, அழைப்பை எடுக்காமல் விடுவது, படுக்கையில் கிடந்தபடி கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பது எல்லாம் நடத்தைதான். பேச்சுத் தமிழில் அப்படியில்லை. “அவர் நடத்தை சரியில்லை” என்றால் ஒழுக்கக் குறையைச் சொல்கிறோம். நன்னடத்தைச் சான்றிதழ் என்பதிலும் அதே பொருள்தான். பதற்றத்தால் வீட்டுக்குள் ஒடுங்கிப்போன ஒருவரிடம் “உங்கள் நடத்தையை மாற்ற வேண்டும்” என்று சொன்னால், ஏற்கெனவே தன்மேல் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பவர் காதில் அது இன்னொரு குற்றச்சாட்டாகவே விழும். ‘செயல்’ என்ற சொல்லுக்கு அந்தச் சுமை கிடையாது.

‘ஆக்டிவேஷன்’ இன்னும் சிக்கலானது. அதன் வேர் இலத்தீனில் ‘ஓட்டு, இயங்கச் செய், செய்’ என்று பொருள்படும் ‘அகெரே’ என்ற வினை. நின்றுபோனதை இயங்கவைப்பதே அதன் உட்பொருள். தமிழில் ‘செயல்படுத்தல்’ என்றால் திட்டத்தையோ சட்டத்தையோ நடைமுறைக்குக் கொண்டுவருவது என்றே மனம் போகும். ‘செயலாக்கம்’ கணினித் துறைக்குப் போய்விட்டது. ‘தூண்டல்’ என்று சொல்லலாம் என்றால், உளவியல் பாடநூல்களில் அது ஏற்கெனவே ‘துலங்க’லுக்கு இணையான வேறொரு கலைச்சொல். மிஞ்சுவது ‘ஊக்கம்’. அங்கேதான் பிழை ஒளிந்திருக்கிறது; அதைப் பார்க்க, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

1973இல் சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வை ஒரு புதிய கோணத்தில் பார்த்தார். சோர்ந்திருப்பவரின் நாளில், நிறைவு தரும் செயல்கள் குறைந்து, துன்பத்திலிருந்து தப்பிக்கும் செயல்களும் விலகும் செயல்களும் கூடியிருக்கின்றன என்பது அவர் கண்டது. மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலும் அன்றாடச் செயல்களைத் திட்டமிடுவது ஒரு பகுதியாக இருந்தது. ஆனால் எண்ணங்களைத் திருத்துவதே அதன் உயிர் என்று கருதப்பட்டது. நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிட்டு, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். செயல் பகுதியை மட்டும் பெற்றவர்கள், முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறையாத அளவில் தேறியிருந்தார்கள். எண்ணத்தைத் திருத்திய பிறகுதான் வாழ்க்கை மாறும் என்று கட்டாயமில்லை. வெளியிலிருந்து உள்ளே போகவும் வழி இருக்கிறது என்று அதன்பின் துணிந்து சொல்ல முடிந்தது.

மனச்சோர்வுக்காக எழுந்த இந்த முறை பதற்றத்துக்கும் பொருந்துவது ஏன் என்பதற்கு ஒரு சொல்வரலாறே துணை வருகிறது. ஆங்கிலத்தின் ‘ஆங்ஸைட்டி’, இலத்தீனில் ‘நெரி, இறுக்கு’ என்று பொருள்படும் ‘ஆங்கெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘குறுகலான’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும் அதே வேரினது. தமிழில் நாம் சொல்லும் ‘பதற்றம்’ பதறுவதிலிருந்து வந்தது. (‘பதட்டம்’ என்று எழுதுவோர் பலர், ‘பதறு’ என்ற வினை ‘பதற்றம்’ என்றே பெயராகும்.) நம் சொல் நடுக்கத்தையும் அவசரத்தையும் பிடித்திருக்கிறது, இலத்தீன் சொல் இடம் குறுகுவதைப் பிடித்திருக்கிறது. நீண்டநாள் பதற்றத்தில் அந்தக் குறுகல்தான் பெரிய நட்டம். கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது, வெளியேறுகிறோம், உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அடுத்த முறை வெளியேறுவதற்கான கூலியாகிவிடுகிறது. உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். ‘எதிர்மறை’ என்றதும் கெட்டது என்று கொள்ள வேண்டாம்; விரும்பாத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுகிறது என்பதே பொருள். ஒவ்வொரு விலகலும் சிறியதுதான். ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஓர் அறையும் ஒரு திரையும் மட்டுமே மீதமிருக்கும்.

இப்போது ‘ஊக்கம்’. தமிழ் மரபில் ஊக்கம் என்பது ஒருவர் உள்ளத்தில் உடையது. திருக்குறளின் அதிகாரப் பெயரே ‘ஊக்கமுடைமை’. இன்றைய பேச்சிலும் “ஊக்கம் வந்தால் செய்வேன்”, “மனசு வரவில்லை” என்கிறோம். உள்ளே ஒன்று முதலில் வர வேண்டும், செயல் அதன் பின்னால் வரும் என்பதே அந்த வழக்கின் வரிசை. சிகிச்சை சொல்வதோ இதற்கு நேர்மாறு. செயல் முன்னே போகிறது. மனம், வந்தால், பின்னால் வருகிறது. ‘செயலூக்கம்’ என்று பெயரிட்டால், நோயாளி ஊக்கத்துக்காகக் காத்திருப்பதைச் சிகிச்சையின் பெயரே நியாயப்படுத்திவிடும்.

வழி அதே வேரில்தான் இருக்கிறது. ‘ஊக்கு’ என்பது வினையும்கூட. “ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்” என்ற குறளில் (463) ‘செய்வினை ஊக்கார்’ என்றால் அச்செயலை மேற்கொள்ள மாட்டார்கள் என்று பொருள். அங்கே ஊக்குதல் என்பது மனநிலை இல்லை. ஒரு வினையில் இறங்குவது. ஆகவே ‘செயலூக்கல்’ என்பதே என் பரிந்துரை. ‘அம்’ விகுதி ‘அல்’ ஆவதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊக்கம் ஒருவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஊக்கல் ஒருவர் செய்வது. ஊக்கம் இல்லாத நாளிலும் செயலை ஊக்கலாம்.

இன்னொரு சொல்லையும் சரிசெய்ய வேண்டும். இந்த முறையின் பிற்கால வடிவங்கள் எந்தச் செயலைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒருவரது ‘வேல்யூஸ்’ கொண்டு முடிவு செய்கின்றன. அதற்கு நம்மிடம் ‘விழுமியம்’ இருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் மேடைகளில் அதிகம் புழங்கிவிட்டது. “உங்கள் விழுமியங்கள் என்ன?” என்று கேட்டால் நேர்மை, உண்மை, மனிதநேயம் என்று பதில் வரும், அதை வைத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, “யாருக்கு எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறீர்கள்?” என்பது. ஆவணங்களில் விழுமியம் இருக்கட்டும். எதிரில் இருப்பவரிடம் இப்படிக் கேட்பதே நல்லது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலை செய்யும் பெண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெரிசலான அரங்கொன்றில் நெஞ்சு படபடத்து வெளியே வந்தவர், முதலில் அரங்குகளையும், பிறகு பயணங்களையும், பிறகு தம்பி வீட்டையும், கடைசியில் தொலைபேசிப் பேச்சையும் விட்டுவிட்டார். முதல் வாரம் அவரிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. மணிக்கொரு முறை என்ன செய்தார், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னார்கள். ஏழு நாள் தாளில் ஒன்று துலங்கியது. மாலை நான்கு முதல் ஆறு வரை ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தார். அந்த நேரத்து எண் எப்போதும் மூன்றைத் தாண்டவில்லை. அது தம்பி பிள்ளைகள் அழைக்கும் நேரம். ஓய்வு என்ற பெயரில் இருந்தது விலகல்.

யாருக்கு எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறார் என்று கேட்டபோது, “கதை சொல்லும் அத்தையாக இருந்தேன்” என்றார். அதிலிருந்து வந்த முதல் செயல்: செவ்வாய் மாலை ஐந்தரைக்கு, சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, இரண்டு நிமிடக் கதையைக் குரல்பதிவாக அனுப்புவது. நாள், நேரம், இடம், அளவு நான்கும் அதில் இருக்கின்றன. “பிள்ளைகளோடு நெருக்கமாவது” என்று எழுதியிருந்தால் செய்தோமா இல்லையா என்றே சொல்ல முடியாது.

செவ்வாயன்று அனுப்பினார். அடுத்த வாரமும் அனுப்பினார். தாளில் எல்லாம் நிறைவேறியதாகவே தெரிந்தது. ஆனால் இரண்டு நிமிடக் கதைக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பதினொரு முறை பதிவு செய்து அழித்திருந்தார். பிள்ளைகள் உடனே திருப்பி அழைத்தபோது எடுக்கவில்லை. இந்த முறையில் அடிக்கடி நேர்வது இது: சிறுசெயலே புதிய விலகலாக உருமாறிவிடுகிறது. செயலின் தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். செய்து முடித்தபின் அந்தப் பிள்ளைகளிடம் ஓரடி நெருங்கியிருக்கிறாரா, இல்லை அவர்களிடமிருந்து தப்பித்த ஆறுதல் மட்டும் மிஞ்சியதா என்பதே சோதனை. அதனால் செயலைப் பெரிதாக்காமல் திருத்தினார்கள்: பதிவு ஒரே முறை, தடுமாறினாலும் அப்படியே அனுப்ப வேண்டும், திருப்பி அழைத்தால் ஒரு நிமிடம் பேச வேண்டும். செய்ய முடியாத வாரத்தில் காரணம் கேட்டுக் கடிந்துகொள்ளாமல் அளவைப் பாதியாக்குவது முறை.

எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நேரடிப் பேச்சின்போது அவர் பதற்றத்துக்கு எட்டு போட்டிருந்தார்; மூன்றாம் வாரம் ஏழு. இதைத் தோல்வி என்று எண்ணி நிறுத்துவோர் பலர். செயலூக்கலில் எண்ணப்படுவது பதற்றம் எவ்வளவு இறங்கியது என்பது இல்லை. பதற்றம் ஏழாக இருக்கும்போதே பேச்சு நடந்ததா என்பது. அச்சத்தை எதிர்கொள்ளும் சிகிச்சையிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். அதில் அச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறோம்; இதில் முக்கியமானது எங்கே இருக்கிறதோ அங்கே போகிறோம், வழியில் அச்சம் இருந்தால் அதையும் கடக்கிறோம். திடீர்ப் பீதித் தாக்குதலோ எண்ணச் சுழற்சி நோயோ முதன்மையாக இருப்பவருக்கு முன்னதுதான் நேரான வழி. செயலூக்கல் மட்டும் போதாது. இதன் சான்றுகளில் வலுவானவை இன்றும் மனச்சோர்வைப் பற்றியவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருப்பவர் தாளும் பேனாவுமாகத் தனியே தொடங்காமல், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கலைச்சொல் தொகுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. ஜெஃப்ரி கிரே என்ற உளவியலாளரின் கோட்பாட்டிலும் இதே இரண்டு ஆங்கிலச் சொற்கள், ‘சிஸ்டம்’ என்ற மூன்றாவது சொல்லோடு வருகின்றன. அது வெகுமதியை நாடவைக்கும் மூளை அமைப்பைக் குறிப்பது, சிகிச்சை இல்லை. அதற்குச் ‘செயலூக்கல்’ பொருந்தாது. நாடுதல் அமைப்பு என்றே சொல்லிவிடலாம்.

அந்தப் பெண்ணின் தாளில் ஐந்தாம் வாரம் ஒரு மாற்றம் செய்தார்கள். முதலில் ‘மனநிலை’ என்ற கட்டம் இடது ஓரத்திலும் ‘செயல்’ அதற்கு அடுத்தும் இருந்தன. அவர் நாள்தோறும் இடது கட்டத்தை நிரப்பிவிட்டு, அந்த எண்ணைப் பார்த்தே அடுத்த கட்டத்தை முடிவு செய்துகொண்டிருந்தார். புதிய தாளில் ‘செயல்’ இடது ஓரத்துக்கு வந்தது.