உள்வாங்கல் அல்ல, புகுமுகம்

புதிதாக வேலைக்குச் சேருகிறவரை வரவேற்றுப் பழக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும் 'ஆன்போர்டிங்' என்ற சொல்லுக்கு 'உள்வாங்கல்' என்று யார் முதலில் எழுதினார்களோ தெரியாது. மனிதவளத் துறை அனுப்பும் தமிழ்க் கடிதங்களில் இப்போது அதுதான் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்துக்காக ஒரு மின்னஞ்சலைத் திருத்தக் கொடுத்தார்கள். இருப்புக் கணக்கு பார்ப்பவர், சரக்கேற்ற மேற்பார்வையாளர் எனப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளுக்கு முன்பே போகிற வரவேற்பு மடல் அது. தலைப்பு: 'உள்வாங்கல் அட்டவணை – முதல் வாரம்'. இதைப் படித்த ஒரு பையன், "சார், இன்னும் ஒரு ரவுண்டு இன்டர்வியூ இருக்கா?" என்று போன் செய்து கேட்டானாம். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

மூலச்சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தில் 'போர்டு' என்றால் பலகை. அப்புறம் கப்பலின் பக்கப்பலகை. 'ஆன் போர்டு' என்றால் கப்பலில் ஏறி இருப்பது. அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்து வினையாகிவிட்டது. இதற்கு முன்பு அங்கே புழங்கிய 'இண்டக்ஷன்' லத்தீனில் உள்ளே கூட்டிச் செல்வதைக் குறிக்கும். 'ஓரியண்டேஷன்' கிழக்குத் திசையைக் காட்டும் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அதைத் 'திசைமுகப்படுத்தல்' என்று அழகாகவே எழுதுகின்றன. ஆன்போர்டிங்குக்கும் நேராகக் 'கப்பலேற்றம்' என்று வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். நம் ஊரில் மானம்தான் கப்பலேறும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, உள்வாங்கலில் என்ன குறை? தமிழில் உள்வாங்குவது எதெது என்று பாருங்கள். மூச்சை உள்வாங்குகிறோம். நல்ல மாணவன் பாடத்தை உள்வாங்குகிறான். கடல் உள்வாங்குகிறது; அதைக் கண்டால் கரையிலிருப்பவர்கள் ஓடுவார்கள். முதல் இரண்டிலும் உள்ளே போகிற பொருளுக்கென்று தனிச் செயல் கிடையாது. மூச்சுக்குக் கேள்வி இல்லை, பாடத்துக்குப் பயம் இல்லை. புதிதாகச் சேருகிறவர் அப்படியா? அவர்தான் வழி கேட்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், முதல் நாள் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று விழிக்க வேண்டும். வாக்கியத்தின் எழுவாயை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஆளைச் செயப்படுபொருளாக்கும் சொல் இது.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: நிறுவனம் புதியவரைத் தன் பண்பாட்டுக்குள் கரைத்துக்கொள்வதைத்தான் ஆன்போர்டிங் என்கிறோம், அந்தக் கரைதல் உள்வாங்கலில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் கரைவது ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகிற சமாச்சாரம். முதல் வார மடல் கரைப்பதற்காகப் போவதில்லை. திங்கட்கிழமை காலை எந்த வாசலில் நிற்பது என்று சொல்லத்தான் போகிறது. போதாக்குறைக்கு, தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதையும் சிலர் உள்வாங்குதல் என்றே எழுதுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கையில் 'உள்வாங்கல் அட்டவணை' கிடைத்தால் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுவார்.

வேறு இரண்டு சொற்களும் போட்டியில் உண்டு. 'பணியமர்த்தல்' வேலையில் வைப்பதைச் சொல்கிறது. நியமனக் கடிதம் கொடுத்ததோடு அது முடிந்தது. 'பணியேற்பு' அரசு அலுவலகத்தில் வேரூன்றிய நல்ல சொல். ஆனால் அது ஒரு முற்பகல் காரியம்: போனார், பணியேற்பு அறிக்கையில் கையெழுத்திட்டார், உட்கார்ந்தார். ஒரு வாரம் நீளும் ஏற்பாட்டை அதற்குள் அடக்க முடியாது.

என் ஓட்டு 'புகுமுக'த்துக்கு. புதிதாக நான் கட்டிய சொல் அல்ல. பி.யு.சி. படித்த தலைமுறைக்கு அது 'புகுமுக வகுப்பு'. பள்ளி முடிந்து, பட்டப்படிப்பு தொடங்காமல், நடுவாசலில் நிற்கிற ஒரு வருடம். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் வகுப்பு போயிற்று, சொல் சும்மா கிடக்கிறது. புகுகிறவர் அவரே, யாரும் அவரை இழுக்கவில்லை, உறிஞ்சவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலும் 'புகுமுகம் புரிதல்' வருகிறது. அங்கே அது காதலின் முதற்கட்டம், நம் காரியம் வேறு. ஆனால் அடுத்த மெய்ப்பாடு 'பொறிநுதல் வியர்த்தல்' என்று இருப்பதைப் பார்த்தால் புது அலுவலக வரவேற்பறை ஞாபகம் வராமல் போகாது. ஆகவே மனிதவளக் கோப்புக்குப் 'பணிப் புகுமுகம்' என்று எழுதலாம்.

மடலின் தலைப்பில் அதுவும் வேண்டாம். 'வரவேற்பும் முதல் வார விவரமும்' போதும். துறைச்சொல் துறைக்காரருக்கு, மடல் படிப்பவர் இன்னும் துறைக்குள்ளேயே வரவில்லை. கிடங்குக்காரர்களின் மடல் அவருடைய புது அலுவலக முகவரிக்கே போயிருந்தது என்பது இன்னொரு கூத்து. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் திங்கட்கிழமைதான் கொடுப்பார்கள். அப்படியானால் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவது என்று அவர் எப்போது படிப்பார்? போன் செய்த பையனால் படிக்க முடிந்ததுகூட யாரோ வாட்ஸாப்பில் தள்ளிவிட்டதால்தான். இத்தகைய மடல் சேரும் நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பே அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும்.

உள்ளே, 'காலை 9 மணிக்கு உள்வாங்கல் தொடக்கம்' என்று இருந்தது. மனிதவளப் பிரிவில் ஆள் வருவதோ ஒன்பதரைக்கு. 'திங்கள் காலை 10 மணி, இரண்டாம் வாசல், காவலரிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அடையாள அட்டைக்குப் புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள்' என்று மாற்றினோம். 'தேவையான ஆவணங்கள்' என்ற ஒற்றை வரியையும் பிரித்தோம்: ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், முன்பு வேலை பார்த்திருந்தால் விடுவிப்புக் கடிதம், வருங்கால வைப்புநிதியின் யுஏஎன் எண். கடைசியாகச் சொன்னதற்குக் காரணமும் எழுதச் சொன்னேன். பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் புது எண் ஒன்று உருவாகிவிடக்கூடும். அப்புறம் பழைய கணக்கின் பணத்தைப் புதியதற்கு மாற்ற அலைய வேண்டும். காரணம் தெரிந்தால் ஆள் வீட்டிலேயே தேடி எடுத்துக்கொண்டு வருவார்.

வாரத்தின் மற்ற நாட்களில் பெரிய சிக்கல் இல்லை. செவ்வாய் பாதுகாப்புப் பயிற்சி, புதன் முதல் வெள்ளி வரை மூத்தவர் ஒருவரோடு கிடங்கில் கூடவே இருந்து பார்ப்பது. அந்த மூத்தவரை மடல் 'நண்பன்' என்று சொன்னது. யாருடைய நண்பன்?

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள கோபம் இங்கேதான். ஆங்கில மடலை வரிவரியாகத் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, படிப்பவர் அதை வைத்து என்ன செய்வார் என்று யோசிப்பதே இல்லை. 'உங்கள் தொடர்புப் புள்ளி' என்று ஒரு வரி. புள்ளி கோலத்தில் இருக்கும். 'சந்தேகம் இருந்தால் இவரைக் கூப்பிடுங்கள்' என்று ஒரு பெயரும் கைபேசி எண்ணும் போட்டால் தீர்ந்தது. பொதுப்பெட்டி மின்னஞ்சல் முகவரி மட்டும் போட்டால், பேருந்தில் வழி தவறியவருக்கு அது உதவாது. சம்பளத்துக்கு யார், கணினி திறக்காவிட்டால் யார், லீவு சொல்ல யார் என்று மூன்று பெயர் தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

'உடைக் குறியீடு: தொழில்முறைச் சாதாரணம்' என்றும் இருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'சட்டை, பேன்ட், அல்லது சுடிதார் போதும். கிடங்குக்குள் செருப்போடு விடமாட்டார்கள். பாதுகாப்பு ஷூ நாங்கள் தருகிறோம். உங்கள் கால் அளவை இந்த மடலுக்குப் பதில் எழுதி அனுப்பிவிடுங்கள்.'