அவித்த முட்டையும் ஆறு மணி நேரமும்

முட்டை கொதிக்கும் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். முட்டையின் அகன்ற முனையிலிருந்து ஊசி முனை அளவுள்ள குமிழிகள் வரிசையாகக் கிளம்பி மேலே வரும். அவை பாத்திரத்தின் அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் அல்ல. முட்டைக்குள் இருந்த காற்று. அகன்ற முனையில் ஓட்டுக்கு அடியில் சிறிய காற்றறை ஒன்று உண்டு. சூட்டில் அந்தக் காற்று விரிந்து, ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. ஒரு கோழிமுட்டையின் ஓட்டில் இப்படிப்பட்ட துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காற்று வெளியே போன அதே வழியில் பிறகு வேறொன்று உள்ளே வரும். வெளியே சாப்பிட டப்பாவில் எடுத்துப்போகும் அவித்த முட்டை கெடுவதில் இந்த வழிக்குப் பெரிய பங்கு உண்டு.

பச்சை முட்டையைக் குளிரூட்டாமலே பல நாள் வைத்திருக்கலாம். அதையே அவித்துவிட்டால், குளிர்பதனப் பெட்டியில்கூட ஒரு வாரம்தான் தாங்கும். வெளியே வைத்தால் சில மணி நேரமே. கொதிக்கும் நீரில் கிருமிகள் செத்துப்போயிருக்க, அவித்த முட்டை அல்லவா நீடிக்க வேண்டும்? எனக்கும் வெகுநாள் இந்தக் குழப்பம் இருந்தது. பச்சை முட்டையை வெறும் உணவுப் பொருளாக மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அது ஒரு குஞ்சை மூன்று வாரம் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்ட கோட்டை.

அந்தக் கோட்டைக்கு வெளியிலிருந்து உள்ளே வரை காவல் உண்டு. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று துளைகளின் வாயை அடைத்திருக்கிறது. ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வுகள். அவற்றையும் தாண்டி வரும் பாக்டீரியா வெள்ளைக்கருவில் மாட்டிக்கொள்ளும். அங்கே லைசோசைம் என்ற புரதம் பல பாக்டீரியாக்களின் செல்சுவரை அரித்துவிடும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற இன்னொரு புரதம், பாக்டீரியா வளரத் தேவையான இரும்பை முழுவதும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். சத்தெல்லாம் குவிந்திருக்கும் மஞ்சள்கருவோ நடுவில், ஓட்டிலிருந்து முடிந்தவரை தள்ளி நிற்கிறது.

அவிக்கும்போது கிருமிகளோடு இந்தக் காவலும் சேர்ந்தே அழிகிறது. மேல்பூச்சு நீரோடு போய்விடுகிறது. ஓவோடிரான்ஸ்ஃபெரின் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே உருக்குலைந்து இரும்பின் மேலிருந்த பிடியை விடுகிறது. லைசோசைமும் பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது ஈரமும் புரதமும் நிறைந்த, எதிர்ப்பு எதுவும் இல்லாத ஓர் உணவு. புதிதாக வந்து விழும் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

வந்து விழுவதற்கான முதல் வாய்ப்பு முட்டை ஆறும்போதே கிடைக்கிறது. கொதித்த முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டதும் காற்றறையில் எஞ்சியிருக்கும் காற்று சுருங்குகிறது. அங்கிருந்த நீராவி தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, முட்டை மூச்சை இழுப்பதுபோல் சுற்றியிருப்பதைத் துளைகள் வழியே உள்ளே இழுக்கிறது. சுற்றியிருப்பது தண்ணீர் என்றால் தண்ணீர்தான் உள்ளே போகும். உரிக்கும்போது சில முட்டைகளில் ஓட்டுக்கடியில் ஈரம் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி இப்படி வந்தது. தண்ணீரில் இருந்த கிருமியும் அதோடு சேர்ந்து வரும். பச்சை முட்டைகளைக் கழுவும் தொழிற்சாலைகளுக்கு இந்த இயற்பியல் நன்றாகத் தெரியும். கழுவும் நீர் முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி செல்சியஸாவது கூடுதல் சூடாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் அழுக்கு உள்ளே இழுக்கப்படும் என்பதுதான் காரணம்.

அதற்காகக் குளிர்ந்த நீரே வேண்டாம் என்று முட்டையை மேசையில் ஆறவிட்டால் வேறு சிக்கல். காற்றில் ஆறும் முட்டை மெதுவாகவே ஆறும். 60 டிகிரிக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே உள்ள பகுதிதான் பாக்டீரியா பெருகும் பகுதி. அதைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும். ஆகவே நீரில்தான் ஆறவைக்க வேண்டும், ஆனால் அந்த நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். பனிக்கட்டி போட்டால் அதுவும் குடிநீரில் செய்ததாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் தேங்கிய நீரில் முட்டையைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யக்கூடாததில் அதற்கே முதலிடம் கொடுப்பேன். கால் மணி நேரம் போதும். அதற்குமேல் ஊறவிடாமல் எடுத்து, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்து, ஓட்டோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் துளைகளின் வாயில் நீர்ப்படலம் நிற்கும். கிருமி நகர அது ஒரு பாலம். கொதிக்கும்போதே விரிசல் விட்ட முட்டையைப் பயணத்துக்கு எடுக்காமல் அப்போதே சாப்பிட்டுவிடுவது நல்லது. மஞ்சள்கரு இளகியிருக்கும் அரைவேக்காட்டு முட்டையும் டப்பாவுக்கு ஆகாது. முட்டைக்குள்ளேயே சால்மோனெல்லா என்ற நோய் தரும் பாக்டீரியா இருந்திருந்தால் அது சாகும் அளவுக்குச் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்த கேள்வி உரிப்பதா, வேண்டாமா என்பது. பல ஆண்டுகள் நான் வீட்டிலேயே உரித்து, உப்பும் மிளகும் தூவித்தான் எடுத்துப் போனேன். சாப்பிடும் இடத்தில் ஓட்டைப் போட இடம் தேடவேண்டாம் என்ற சோம்பல்தான் காரணம். அது தவறு. பூச்சு போய்விட்டாலும் ஓடும் சவ்வும் இன்னும் ஒரு வேலி. அதைவிட முக்கியம், ஓடு இருக்கும்வரை நம் விரல் முட்டையைத் தொடுவதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நோயில்லாத பலரின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக வசிக்கிறது. உரிக்கும் விரலிலிருந்து ஈரமான வெள்ளைக்கருவுக்கு அது சுலபமாக இடம் மாறும். வெதுவெதுப்பில் பெருகும்போது அது ஒரு நச்சை உமிழ்கிறது. மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு சாகாது. தூவிய உப்பு தடுக்காதா என்றால், இந்தப் பாக்டீரியாவுக்கு உப்பைத் தாங்கும் திறன் மற்றவற்றைவிட அதிகம். முட்டையைப் பாதியாக வெட்டி வைப்பது இன்னும் மோசம். நடுவில் ஒளிந்திருந்த மஞ்சள்கருவையும் திறந்துவைத்ததாகிறது.

இப்போது ஒரு டப்பாவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 7 மணிக்கு அவித்து, உரித்து, சூடாகவே இரண்டு முட்டைகளை மூடிவைக்கிறோம். சாப்பிடுவது பகல் 1 மணிக்கு. பக்கத்தில் சூடான உணவும் இருக்கிறது. மூடிய டப்பாவில் நீராவி வியர்த்து முட்டையின் மேல் சொட்டும். சூடான உணவு முட்டையை நெடுநேரம் 35, 40 டிகிரியிலேயே வைத்திருக்கும். அடைகாக்கும் கோழி தருவதும் ஏறக்குறைய அதே சூடுதான்! அந்த நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியவை. நாம் தாராளமாக அரை மணிக்கு ஒருமுறை என்றே வைப்போம். ஆறு மணி நேரத்தில் 12 முறை இரட்டிப்பு. விரலிலிருந்து ஒட்டிய 100 பாக்டீரியா 4 லட்சத்தைத் தாண்டிவிடும். புது இடத்தில் பழகுவதற்கு அவை கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் உண்மையான எண் குறையலாம். ஆனால் போகும் திசை இதுதான். அவித்த முட்டையை வெளியே 2 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த இரட்டிப்புக் கணக்கு.

அப்படியானால் ஆறு மணி நேரத்தை எப்படிக் கடப்பது? 200 மில்லி தண்ணீரை உறையவைத்த சிறு பாட்டில் ஒன்று போதும். (பாட்டிலை நிறைய ஊற்றிவிடாதீர்கள், உறையும்போது தண்ணீர் விரியும்.) அந்தப் பனிக்கட்டி முழுவதும் உருக ஏறத்தாழ 67 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதுதான் நம் கையிருப்பு. 80 டிகிரியில் இருக்கும் ஒரு முட்டையை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 கிலோஜூல் போகும். இரண்டு சூடான முட்டைகளை வைத்தால் கிளம்பும்போதே கையிருப்பில் பாதி காலி. முந்தின இரவே அவித்து, குளிர்ந்து கிடந்த முட்டையை வைத்தால் அந்தச் செலவே இல்லை. 67 கிலோஜூலும் வெளிவெப்பத்தைத் தடுக்கவே பயன்படும். முட்டைகளைத் தனிச் சிறு டப்பாவில் ஓட்டோடு வைத்து, குளிர் கீழே இறங்கும் என்பதால் பாட்டிலை அதன் மேல் வைத்து, வெப்பம் புகாத பையில் மூட வேண்டும். சூடான உணவு வேறு பையில் போகட்டும். பாட்டில் பயணத்தின் வெப்பமானியும்கூட. சாப்பிட எடுக்கும்போது அதில் இன்னும் பனித்துண்டு மிதந்தால் முட்டையை நம்பலாம். தண்ணீர் வெதுவெதுப்பாகி வெகுநேரம் ஆகியிருந்தால் முட்டையை விட்டுவிடுங்கள்.

மூக்கை நம்ப முடியாதா? பாதிதான். டப்பாவைத் திறந்ததும் வரும் கந்தக வாடை வெள்ளைக்கருப் புரதம் அதிகம் வெந்ததால் வருவது. மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிவதும் அந்தக் கந்தகம் அங்குள்ள இரும்போடு சேர்வதால். இரண்டும் தீங்கற்றவை. வெள்ளைக்கரு கைக்கு வழவழவென்று பிசுபிசுத்தாலோ, உரித்த உடனே மூக்கைத் திருப்பவைக்கும் அழுகல் நாற்றம் வந்தாலோ அது கெட்டதுதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அதனால் நேரமும் குளிரும்தான் சரியான சாட்சி. நீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இங்கே செல்லாது. அது பச்சை முட்டையின் காற்றறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அதாவது வயது என்ன என்பதைத்தான் சொல்லும்.

இரண்டு மூன்று நாள் பயணத்துக்குக் காடியில், அதாவது வினிகரில், ஊறவைத்த முட்டை கைகொடுக்கும் என்று சிலர் நினைப்பார்கள். 1997-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஊறவைத்தார். காடி உள்ளே இறங்கட்டும் என்று முட்டைகளைப் பல்குச்சியால் குத்தி, ஜாடியைக் குளிரூட்டாமல் வைத்திருந்தார். சாப்பிட்டவருக்கு பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வந்தது. சுற்றியிருந்த திரவம் நல்ல புளிப்பாகத்தான் இருந்தது. மஞ்சள்கருவுக்குள் அந்தப் புளிப்பு போய்ச் சேரவில்லை. குத்திய துளை வழியே கிருமிதான் காற்றில்லாத அந்த நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. காடி முட்டைக்கும் குளிர்பதனப் பெட்டி வேண்டும்.

பனிக்கட்டி மாற்ற வழியில்லாத நீண்ட பயணம் என்றால் நான் செய்வது வேறு. விரிசல் இல்லாத, கழுவாத, குளிர்பதனப் பெட்டியில் வைக்காத பச்சை முட்டைகளை அட்டைத் தட்டில் அடுக்கி, நிழலில் வைத்து எடுத்துப்போகிறேன். போய்ச் சேர்ந்ததும் மின்கெண்டியோ அடுப்போ கிடைத்தால் அங்கே அவித்து, கை பொறுக்கும் சூட்டில் உரித்து, உடனே சாப்பிட்டுவிடுகிறேன்.