பிளவுஸில் கண்ணாடி கழன்று விழுவது பசை குறைந்ததால் அல்ல

போன மாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தங்கை கல்யாண பிளவுஸைக் கொண்டுவந்தார். கை ஓரத்தில் மூன்று கண்ணாடிகளைக் காணவில்லை, மிச்சம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஓரம் கறுத்துப்போயிருந்தது. "அக்கா, நல்ல பசையா வச்சு ஒட்டிக் குடுத்துருங்க, போதும்" என்றார். கடலோரத்தில் கண்ணாடி வேலை பார்க்கிற என்னிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி வில்லையில் ஓட்டை கிடையாது, ஊசி அதற்குள் போகாது. குஜராத்தின் கட்ச் பக்கத்துப் பெண்கள் அதைத் துணியில் நிறுத்துவதே நூலால்தான்: முதலில் வில்லையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நூல் வலை, அப்புறம் அந்த வலையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துச் சுற்றிலும் காஜா தையல். வலை சரியாக விழுந்தால் பசை தேவையே இல்லை. தைக்கும்போது வில்லை நகராமல் இருக்க ஒரு பொட்டுப் பசை வைத்துக்கொள்வது வேறு விஷயம், ஆனால் அந்தப் பிளவுஸில் பசைதான் மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

நகத்தால் ஒரு வில்லையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன், நூலுக்கு அடியிலிருந்து அப்படியே வழுக்கி வெளியே வந்தது. காரணம் வலை விழுந்த இடம். 15 மில்லிமீட்டர் வில்லை என்றால் நெடுக்கிலும் குறுக்கிலும் போடுகிற இரண்டிரண்டு நூலும் அதை மூன்று சம பாகமாகப் பிரிக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு நூலும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே. பார்ப்பதற்குக் கண்ணாடியை ரொம்ப மறைப்பது போலத் தெரியும், புதிதாகப் பழகுகிறவர்கள் பயந்துபோய் 2 மில்லிமீட்டரிலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் காஜா தையல் ஒவ்வொரு முறையும் வலையை வெளிப்பக்கம் இழுக்கும், சதுரமாக இருந்தது வட்டமாக விரியும், கடைசியில் ஓரத்தில் 2, 3 மில்லிமீட்டர் பிடிப்புதான் மிஞ்சும். முதலிலேயே ஓரத்தில் போட்ட நூலுக்கு விரிய எங்கே இடம்? வில்லையை விட்டே இறங்கிவிடும்.

கறுப்புக்குக் காரணம் வேறு. கண்ணாடியின் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சைப் பெயிண்ட் மூடியிருக்கும், வெட்டிய விளிம்பில் மட்டும் அது திறந்தே கிடக்கும். உப்புக் காற்றும் ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும், காயாத பசையும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, பிரித்தேன். நூலைப் பின்பக்கத்திலிருந்து சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, புது வில்லைகளின் விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பார்த்தேன். நூல் பிசிறினால் அந்த விளிம்பு நாளைக்கு வலையையும் அறுத்துவிடும், அப்படிப்பட்டதைத் தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்பக்கமும் விளிம்பும் மூடுகிற மாதிரி நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் துணிக்குப் போக வேண்டும்.

பிரேமில் துணியை விறைப்பாக மாட்டி, எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து, நெடுக்கில் இரண்டு நூல். குறுக்கு நூல்களைப் போடும்போது நெடுக்கு நூலைச் சந்திக்கிற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனால் வலை நழுவாது. அதன் மேல் மூலைவாட்டில் இன்னொரு சதுரம், இந்த இரண்டாவது சதுரத்தைப் பலர் போடுவதே இல்லை, அந்தப் பிளவுஸிலும் இல்லை. விட்டால் வட்டம் சரியாக விரியாது, பிடிப்பும் நான்கு இடத்தில்தான் இருக்கும்.

இனி காஜா. வில்லையின் ஓரத்தை ஒட்டி ஊசியை மேலே எடுத்து, நடுவிலிருந்து வெளியே வருகிற மாதிரி வலைக்கு அடியில் நுழைத்து, நூலை ஊசி நுனிக்குக் கீழே வைத்து இழுக்க வேண்டும். அடுத்து ஓரத்தை ஒட்டித் துணியில் ஒரு சின்னத் தையல், அதிலும் நூல் ஊசிக்குக் கீழேதான். மறுபடி வலை, மறுபடி துணி. ஒவ்வொரு இழுப்பும் ஒரே அளவாக இருந்தால்தான் உள்விளிம்பு வட்டமாக வரும், ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் அங்கே கண்ணாடி எட்டிப் பார்க்கும். முடிந்ததும் அதே நகச் சோதனை, வில்லை துளிகூட ஆடக் கூடாது. ஆடுகிற கண்ணாடி உடுத்த உடுத்த நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

அக்குளுக்குக் கீழே இருந்த வரிசையை மட்டும் நான் திரும்ப வைக்கவில்லை. அங்கே உரசலும் வியர்வையும் அதிகம், எப்படித் தைத்தாலும் நிற்காது, வேறு தையலால் நிரப்பிக் கொடுத்தேன். நம் ஊர் உவர்நீரில் அலசினால் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், ஊறப்போடாமல் உடனே நிழலில் விரித்துக் காயப்போடுங்கள், பாலித்தீன் கவரில் போட்டு மூடாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக் கையால் தைக்க நேரம் பிடிக்கும், கூலியும் கூடும், அதனால்தான் பல இடங்களில் ஒட்டிவிட்டு மேலே பேருக்கு நூல் ஓட்டுகிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்கள் தைத்த ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கி நகத்தால் தள்ளிப் பாருங்கள், துணியைத் திருப்பி, வட்டத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டித் தையல்கள் நெருக்கமாக ஓடுகிறதா, நடுவில் பசைக் கறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.