86 வீதம் காட்டும் போன் ஏன் படக்கென்று அணைகிறது?

கிளிநொச்சியில் பாவித்த ஐபோன் ஒன்று வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் செற்றிங்ஸைத் திறந்து பற்றரி பக்கத்தைத்தான் காட்டுவார். "86 இருக்கு தம்பி, பயப்பிடாமல் கொண்டு போங்கோ." அந்த 86 உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே போன், 30 வீதம் சார்ஜ் இருக்கும்போதே கமராவைத் திறந்ததும் அணைந்துபோகவும் கூடும்.

திரையில் Maximum Capacity என்று வரும் அந்த எண் கொள்ளளவை மட்டும்தான் சொல்கிறது. பற்றரிக்குள் போகிற, வெளியே வருகிற மின்னோட்டத்தை ஒரு சிறிய சில்லு ஓயாமல் கணக்கு வைத்துக்கொள்கிறது. புதிதில் 3000 மில்லி அம்பியர் மணி கொண்ட பற்றரி இப்போது ஏறக்குறைய 2580தான் பிடிக்கும் என்று அது மதிப்பிட்டால், 86 வீதம். இது மதிப்பீடுதான், ஆகவே ஒன்றிரண்டு வீதம் கூடக் குறையக் காட்டினால் பதற வேண்டியதில்லை. சில்லில் உள்ள எண்ணையே மாற்றி எழுதும் கருவிகளும் உண்டு. பழைய போன் ஒன்று 100 காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

இந்த எண்ணில் வராதது அகத்தடை, அதாவது மின்னோட்டம் வெளியே வரும்போது பற்றரி தனக்குள்ளேயே கொடுக்கும் தடை. இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். வண்டல் படிந்தால் குளம் பிடிக்கும் தண்ணீர் குறையும். 86 சொல்வது அதைத்தான். துருசு அடைபட்டால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வேண்டிய வேகத்தில் வராது. அகத்தடை கூடுவது இந்த இரண்டாவது வகை.

கணக்காகப் பார்ப்போம். 30 வீத சார்ஜில் பற்றரி சுமார் 3.7 வோல்ற்று தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமரா, பிளாஷ், வெளிச்சமான திரை எல்லாம் சேர்ந்து ஒரு கணம் 2 அம்பியர் இழுக்கின்றன. அகத்தடை 0.1 ஓம் என்றால் இழப்பு 0.2 வோல்ற்று, மிஞ்சுவது 3.5, போன் தாங்கும். அதுவே பழசாகி 0.3 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.6, மிஞ்சுவது 3.1. அதற்குக் கொஞ்சம் மேலேயே அணையும்படி வைத்திருக்கும் போன் அந்தக் கணத்தில் அணைந்துவிடும். திரும்பப் போட்டால் சார்ஜ் அப்படியே இருக்கும். எண் நல்லாக இருந்தும் பற்றரி மாற்ற வேண்டிய நிலை இது.

அதனால் வாங்குமுன் சார்ஜ் 30 வீதத்துக்கு வரும்வரை பொறுத்து, திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, பிளாஷ் எரிய வீடியோ எடுத்துப் பாருங்கள். வீதம் 30இலிருந்து ஒரேயடியாக 18க்குக் குதித்தால் அந்தப் போனை விட்டுவிடலாம். பற்றரி உப்பித் திரை கொஞ்சம் எழும்பியிருந்தாலும் அப்படித்தான். உப்பலையும் இந்த எண் காட்டாது.

அப்புறம், சிக்னல் கோபுரத்துக்குத் தூரமான உட்கிராமங்களில் சார்ஜ் விரைவாக இறங்குவதற்குப் பற்றரியைக் குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். சிக்னல் மெலிந்தால் போன் கோபுரத்தை எட்டுவதற்கு அதிக சக்தியோடு கத்த வேண்டியிருக்கிறது. ஓர் இரவு விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் படுங்கள். விடியும்போது இரண்டு மூன்று வீதம்தான் இறங்கியிருந்து, மற்ற இரவுகளில் இருபது முப்பது இறங்கினால், காரணம் சிக்னல் அல்லது பின்னணியில் ஓடும் செயலிகள். புதுப் பற்றரி போட்டாலும் சார்ஜ் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இறங்கும்.